ஆண்டுச் சராசரி 15 சதவீதம், வளர்ந்தது அரை சதவீதம்கூட இல்லை: இரண்டு சராசரிகளின் கணக்கு

கேள்வி: ஒரு ஃபண்டின் ஒவ்வொரு வருட வருமானத்தையும் கூட்டி, வருடங்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். ஒரு சராசரி வந்தது. ஆனால் அவர்கள் போடும் ஆண்டு வளர்ச்சி விகிதம் அதைவிடக் குறைவாக இருக்கிறது. இரண்டில் எது உண்மை? ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தால் நீண்ட காலத்தில் வளர்ச்சி குறையும் என்கிறார்கள், அது ஏன்?

பதில்:

இரண்டுமே உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். உங்கள் பணம் எந்த வேகத்தில் வளர்ந்தது என்று கேட்டால், அவர்கள் போடும் குறைந்த எண்தான் விடை. நீங்கள் கூட்டி வகுத்த எண்ணுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2011 தொடக்கத்தில் என் சித்தப்பா ஒரு நீள நோட்டோடு வீட்டுக்கு வந்தார். 2007 டிசம்பர் கடைசியில், சென்செக்ஸை அப்படியே பின்பற்றும் ஃபண்டு ஒன்றில் ஒரு லட்சம் போட்டிருந்தார். நோட்டில் மூன்றே வரி. 2008-இல் மைனஸ் 52, 2009-இல் பிளஸ் 81, 2010-இல் பிளஸ் 17. கீழே கோடு போட்டுக் கூட்டி 46 என்று எழுதி, மூன்றால் வகுத்து 15-ஐ வட்டமிட்டிருந்தார். "வருஷத்துக்குப் பதினஞ்சு பர்சென்ட்னா ஒன்றரை லட்சம் ஆகியிருக்கணுமேப்பா. ஸ்டேட்மென்ட்ல போட்ட காசுதான் இருக்கு. கூட்டினதுல தப்பா, பாரு" என்றார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கூட்டக் கூடாத எண்களைக் கூட்டியதுதான் சிக்கல்.

அந்த மூன்று வருடத்தையும் குறியீட்டின் எண்களை வைத்தே பார்ப்போம். ஃபண்டின் செலவு, டிவிடெண்ட் எல்லாம் இங்கே வேண்டாம். சென்செக்ஸ் 2007 இறுதியில் 20,287. உலக நிதி நெருக்கடி அடித்த 2008-இன் இறுதியில் 9,647. 2009 இறுதியில் 17,465. 2010 இறுதியில் 20,509. தசமத்தோடு சொன்னால் மூன்று ஆண்டு வருமானங்கள் −52.45, +81.03, +17.43. கூட்டி வகுத்தால் 15.34 சதவீதம்.

இப்போது அதையே ரூபாயில் பாருங்கள். ஒரு லட்சம் முதல் வருடத்தில் 47,554 ஆனது, அதாவது 52,446 ரூபாய் போயிற்று. அடுத்த வருடம் 81 சதவீதம் ஏறியது. ஆனால் அது ஒரு லட்சத்துக்கு 81 இல்லை, மிச்சமிருந்த 47,554-க்கு 81. திரும்பி வந்தது 38,535 ரூபாய்தான். பணம் 86,089-இல் நின்றது. மூன்றாம் வருடம் 17 சதவீதம் இன்னொரு 15,006 ரூபாயைச் சேர்த்து, கடைசியில் 1,01,095. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய லாபம். ஆண்டுக்கு 0.36 சதவீதம்.

சதவீதத்தைக் கூட்டும்போது, −52-ம் +81-ம் ஒரே தொகையின் மேல் நடந்ததாக நாம் நம்மை அறியாமலே வைத்துக்கொள்கிறோம். உண்மையில் நஷ்டம் பெரிய தொகையின் மேல் விழுந்தது, லாபம் சின்னத் தொகையின் மேல் வந்தது. 9,647-இலிருந்து பழைய 20,287-ஐ ஒரே தாவலில் தொட வேண்டுமானால் 110 சதவீதம் ஏற வேண்டும். 81 கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அந்தப் பள்ளத்துக்கு அது போதவில்லை.

சரியான வழி, ஒவ்வொரு வருடத்தையும் ஒரு பெருக்கும் எண்ணாக மாற்றுவது. −52.45 என்றால் 0.4755, +81.03 என்றால் 1.8103, +17.43 என்றால் 1.1743. மூன்றையும் பெருக்கினால் 1.0109. மூன்று வருடம் என்பதால் அதன் கனமூலம் 1.0036. அதில் ஒன்றைக் கழித்தால் 0.36 சதவீதம். இதுதான் பெருக்குச் சராசரி. ஸ்டேட்மென்டில் CAGR என்று பார்ப்பதும் இதுவே.

தமிழில் இங்கே ஒரு சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிப் புத்தகத்தில் 'கூட்டுச் சராசரி' என்றால் கூட்டி வகுப்பது. ஆனால் 'கூட்டு வட்டி' என்பது பெருக்கல் கணக்கு. 'கூட்டு வளர்ச்சி விகிதம்' என்று யாராவது சொன்னால் அது கூட்டுச் சராசரி இல்லை, பெருக்குச் சராசரி. 'கூட்டு' என்ற ஒரே சொல் இரண்டு எதிரெதிர் இடங்களில் உட்கார்ந்திருப்பதால், படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கீழே கூட்டி வகுப்பதைக் கூட்டுச் சராசரி என்றும், பெருக்கி மூலம் எடுப்பதைப் பெருக்குச் சராசரி என்றும் மட்டும் சொல்கிறேன்.

சரி, ஏற்ற இறக்கம் ஏன் வளர்ச்சியைக் குறைக்கிறது? இதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், பள்ளியில் படித்த ஒரு சூத்திரம் போதும்: (a+b)(a−b) = a² − b².

இரண்டு வருடம் மட்டும் எடுத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 10 சதவீதம் என்று நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். ஆட்டமே இல்லாவிட்டால் 1.10 × 1.10 = 1.21. ஒரு வருடம் அந்தப் 10-ஐவிட 20 கூடி அடுத்த வருடம் 20 குறைந்தால், அதாவது +30, −10 என்றால், 1.30 × 0.90 = 1.17. ஆட்டம் 40 என்றால், அதாவது +50, −30 என்றால், 1.50 × 0.70 = 1.05. மூன்றிலும் கூட்டுச் சராசரி அதே 10 சதவீதம்தான். ஆனால் ஒரு லட்சம் முறையே 1,21,000, 1,17,000, 1,05,000 ஆகிறது. ஆண்டு வேகமாகச் சொன்னால் 10, 8.17, 2.47 சதவீதம்.

இதில் a என்பது 1.10, b என்பது ஆட்டம். a² எப்போதும் 1.21. அதிலிருந்து b² கழிகிறது. b 0.20 என்றால் 0.04 போகிறது, 0.40 என்றால் 0.16 போகிறது. முதலில் ஏறிப் பிறகு இறங்கினாலும், முதலில் இறங்கிப் பிறகு ஏறினாலும் b²-க்கு அந்த வித்தியாசம் தெரியாது. வர்க்கத்துக்குக் குறை எண் கிடையாது, அதனால் அது எந்தக் காலத்திலும் உங்கள் பக்கம் கூடாது, கழியத்தான் செய்யும். ஆட்டம் இரண்டு மடங்கானால் கழிவு நான்கு மடங்கு ஆவதும் இதே வர்க்கத்தால்தான். இந்த நான்கு மடங்கு என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

இரண்டு வருடத்தை விட்டுப் பல வருடங்களுக்குப் போனாலும் இதே கதைதான். b-யின் இடத்தில், வருமானங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கம் வந்து உட்காரும். b² இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கழிகிறது, எனவே ஒரு வருடத்துக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் தோராயச் சூத்திரம் தெளிவாகிவிடும்:

```
G ≈ A − σ²/2
```

G பெருக்குச் சராசரி, A கூட்டுச் சராசரி, σ திட்ட விலக்கம். மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி: திட்ட விலக்கத்தைச் சதவீதமாகவே வைத்துக்கொண்டு, அதைத் தன்னாலேயே பெருக்கி 200-ஆல் வகுங்கள். 10 என்றால் கழிவு அரை சதவீதம். 20 என்றால் 2 சதவீதம். 40 என்றால் 8 சதவீதம்.

சித்தப்பாவின் மூன்று வருடத்தில் திட்ட விலக்கம் 54.5 சதவீதம். அதை வர்க்கமாக்கி 200-ஆல் வகுத்தால் 14.9 வருகிறது. 15.3-இல் 14.9 போனால் மிச்சம் 0.4 அல்லது 0.5 சதவீதம். உண்மையான விடை 0.36. இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இந்தச் சூத்திரம் இத்தனை கிட்டத்தில் வந்தது ஓரளவு தற்செயல்தான், அதை எப்போதும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வருடம் +100, மறு வருடம் −100 என்று வைத்துப் பாருங்கள். கூட்டுச் சராசரி பூஜ்யம், சூத்திரம் −50 என்று சொல்லும், ஆனால் கையில் ஒரு பைசா இருக்காது. பெருக்கலில் ஒரு பூஜ்யம் நுழைந்துவிட்டால் அதற்கப்புறம் எது வந்தாலும் பயனில்லை. திட்ட விலக்கம் 20, 25-க்குள் இருக்கும் இடங்களில் தாராளமாக நம்பலாம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு நல்ல உதாரணம் அமெரிக்கப் பெரு நிறுவனப் பங்குகள். எஸ் அண்ட் பி 500 வகைப் பங்குகளுக்கு 1926 முதல், டிவிடெண்டையும் சேர்த்து, ஆண்டு வருமானத்தின் கூட்டுச் சராசரி சுமார் 12 சதவீதம், திட்ட விலக்கம் சுமார் 20. சூத்திரப்படி 2 கழிந்து 10 வர வேண்டும். நீண்ட காலப் பெருக்குச் சராசரியும் சுமார் 10-தான். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். 30 வருடம் ஓடவிட்டால், 12 சதவீதத்தில் ஒரு லட்சம் 30 லட்சம் ஆகும். 10 சதவீதத்தில் 17 லட்சத்து 45 ஆயிரம். ஓய்வுக்காலத் திட்டம் போடும்போது தவறான சராசரியை எடுத்தவர் 12 லட்சத்துக்கு மேல் இல்லாத பணத்தை நம்பியிருப்பார்.

வங்கி வைப்பில் வருடா வருடம் 7 சதவீதம் என்றால் ஆட்டம் பூஜ்யம், இரண்டு சராசரியும் ஒன்றே. அதனால்தான் வைப்புத்தொகையில் பழகிய நமக்கு இப்படியொரு வித்தியாசம் இருப்பதே தோன்றுவதில்லை.

இப்போது கூட்டுச் சராசரிக்கு எங்கே வேலை என்று பார்ப்போம். அதை வெறும் தப்பு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படமாட்டேன். அதே +50, −30 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் இரண்டில் எது வரும் என்பது காசைச் சுண்டிவிடுவது போலச் சம வாய்ப்பு. நான்கு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள், இரண்டு வருடத்தில் நால்வருக்கும் நால்வகை வாய்ப்பும் ஒவ்வொன்றாக அமைகிறது என்று வைப்போம். இரண்டு முறையும் ஏறியவரிடம் 2,25,000. ஏறி இறங்கியவரிடம் 1,05,000. இறங்கி ஏறியவரிடமும் 1,05,000. இரண்டு முறையும் இறங்கியவரிடம் 49,000. நால்வரின் பணத்தையும் கூட்டி நான்கால் வகுத்தால் 1,21,000. அது சரியாக வருடத்துக்கு 10 சதவீதம்! கூட்டுச் சராசரி பொய் சொல்லவில்லை. அது நால்வருக்கும் சேர்த்த சராசரியைச் சொல்கிறது. ஆனால் அந்த நால்வரில் 1,21,000-ஐத் தாண்டியவர் ஒரே ஒருவர்தான். நடுவில் நிற்கும் இருவருக்கும் கிடைத்தது பெருக்குச் சராசரி சொல்லும் 1,05,000.

வருடம் கூடக் கூட இந்த இடைவெளி விரியும். இதே விளையாட்டை 20 வருடம் ஆடினால் எல்லோருடைய சராசரியும் 6 லட்சத்து 73 ஆயிரம். வரிசையில் நட்டநடுவில் நிற்பவரிடம் இருப்பதோ 1 லட்சத்து 63 ஆயிரம். அந்தச் சராசரியைத் தாண்டுபவர்கள் நூறில் சுமார் 25 பேர், போட்ட ஒரு லட்சத்தையே திரும்பப் பார்க்காதவர்கள் சுமார் 41 பேர். தொடர்ந்து ஏறியவர்கள் சிலர் கையில் குவிந்த பெரும் தொகை, சராசரி முழுவதையும் மேலே தூக்கிவிடுகிறது. அடுத்த ஒரு வருடத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டால் கூட்டுச் சராசரி சரியான விடை. ஒரே மனிதர், ஒரே வாழ்க்கை, பல வருடம் என்றால் பெருக்குச் சராசரியைப் பாருங்கள். நான்கு பேராக வாழ நம்மால் முடியாது.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு, முதல் தடவை பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதே +50, −30 முதலீடு. கையில் உள்ள ஒரு லட்சத்தில் பாதியை மட்டும் அதில் போட்டு, மீதியை வட்டியே இல்லாமல் பெட்டியில் வைக்கிறீர்கள். முதல் வருடம் ஏறினால் 50,000 என்பது 75,000 ஆகும், பெட்டியோடு சேர்த்து 1,25,000. இப்போது மறுபடி சரிபாதியாகப் பிரித்து 62,500 போடுங்கள். அடுத்த வருடம் 30 சதவீதம் விழுந்தால் அது 43,750 ஆகும். பெட்டியில் இருக்கும் 62,500-ஐச் சேர்த்தால் 1,06,250. முழுப் பணத்தையும் போட்டவரிடம் இருப்பது 1,05,000! பாதிப் பணம் சும்மா கிடந்தும் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. கூட்டுச் சராசரி 10-இலிருந்து 5 ஆகப் பாதியானது. ஆனால் ஆட்டம் 40-இலிருந்து 20 ஆனதால் கழிவு 8-இலிருந்து 2 ஆகக் கால்வாசியாகிவிட்டது. வருடா வருடம் திரும்பச் சரிபாதியாக்குவது இதில் முக்கியம். அப்படிச் செய்யாமல் விட்டால் 50,000 பெட்டியில், இன்னொரு 50,000 இரண்டு வருடத்தில் 52,500, மொத்தம் 1,02,500-தான் வரும்.

இதையே எதிர்த் திசையில் பாருங்கள். ஒரு லட்சத்தோடு இன்னொரு லட்சம் கடன் வாங்கிப் போடுகிறார் ஒருவர், அடுத்த வருடமும் தன் பணம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கடனை மாற்றிக்கொள்கிறார், கடனுக்கு வட்டியே இல்லை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். +50 அவருக்கு +100 ஆகும், −30 அவருக்கு −60 ஆகும். கூட்டுச் சராசரி 20 சதவீதம், கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் 2.0 × 0.4 = 0.8. இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் 80,000. நல்ல முதலீடுதான், சராசரியும் கூடுதல்தான், இருந்தும் பணம் கரைகிறது. கடனில் பங்கு வாங்கும் யாரிடமும் நான் முதலில் இந்தப் பெருக்கலைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பல நிறுவனப் பங்குகளில் பிரித்துப் போடுவது ஏன் நல்லது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒன்று விழும்போது இன்னொன்று விழாமல் இருந்தால், A அப்படியே இருக்க σ மட்டும் குறைகிறது. அதனால் கழிவில் மிச்சமாவது G-யில் வந்து சேரும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் கழிவு யாரோ எடுத்துக்கொள்ளும் கட்டணம் இல்லை. இரண்டு சராசரிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, அவ்வளவுதான். ஒரு ஃபண்டின் CAGR 11 என்று போட்டிருந்தால் கழிவு ஏற்கெனவே அதற்குள் போய்விட்டது. அதிலிருந்து மறுபடி σ²/2-ஐக் கழித்தால் ஒரே கணக்கை இரண்டு முறை கழித்ததாகும். CAGR ஒன்றாக உள்ள இரண்டு ஃபண்டுகளில், கடந்த காலத்தில் இரண்டிலும் ஒரே அளவு பணம்தான் சேர்ந்திருக்கும், ஒன்று அதிகமாக ஆடியிருந்தாலும்.

உங்களிடம் வரும் எண் எந்தச் சராசரி என்று சந்தேகம் வந்தால் முதல் நாள் மதிப்பையும் கடைசி நாள் மதிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டிலிருந்து வரும் விகிதத்தோடு ஒத்துப்போகாத 'சராசரி' கூட்டி வகுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். வருடாந்திர வருமானங்கள் கையில் இருந்தால் ஷீட்டில் மூன்று வரியில் பார்த்துவிடலாம். B நிரலில் வருமானம் (−52.45% என்பது போல), C நிரலில் அதோடு ஒன்றைக் கூட்டிய எண்:

```
=AVERAGE(B2:B4)
=GEOMEAN(C2:C4)-1
=VAR.P(B2:B4)/2
```

முதல் வரியிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் இரண்டாவதற்குக் கிட்டத்தில் வர வேண்டும். `GEOMEAN`-க்குள் B நிரலையே கொடுத்துவிட்டால், நஷ்ட வருடம் ஒன்று இருந்தாலே `#NUM!` என்று காட்டும். எல்லாமே லாப வருடங்களாக இருந்தால்தான் ஆபத்து. பிழை எதுவும் காட்டாமல் தவறான ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

இவ்வளவும் ஒரே தொகையை ஒரே முறை போட்டு, இடையில் தொடாமல் விட்டவருக்கான கணக்கு. மாதா மாதம் எஸ்ஐபி போடுபவருக்கும், ஓய்வு பெற்று மாதா மாதம் எடுப்பவருக்கும், வருடங்கள் எந்த வரிசையில் வந்தன என்பதும் முக்கியமாகிவிடும். −52 வந்தபோது அவர்களிடம் எவ்வளவு பணம் இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். அவர்கள் ஒவ்வொரு தேதியையும் தொகையையும் ஷீட்டில் எழுதி, அவற்றிலிருந்து ஆண்டு விகிதம் தரும் `XIRR` போட்டுப் பார்க்க வேண்டும். சித்தப்பா அந்த ஃபண்டில் 2009 முழுக்க மாதம் இரண்டாயிரம் போட்டிருந்தால், அதே சந்தையில் அவருடைய நோட்டில் வேறு விடை வந்திருக்கும்.